முன்னாள் மேலாளரின் மழுப்பலான பதிலை எப்படி எடுத்துக்கொள்வது?

வணக்கம். திருப்பூரில் உள்ள எங்கள் சிறிய பின்னலாடை நிறுவனத்துக்குக் கணக்காளர் தேடுகிறோம். ஒருவரைப் பிடித்திருக்கிறது. மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் போகவேண்டிய ஜிஎஸ்டி 3பி தாக்கலைத் தனியாகவே செய்ததாகச் சொல்கிறார். முன்னாள் மேலாளரிடம், விண்ணப்பத்தில் இருந்த கைப்பேசி எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் அலுவலக எண் வழியாகவே பேசினேன்.

"ஆள் எப்படி?" என்றதற்கு, "நல்ல பையன்" என்றார். அது எதற்கும் உதவாத கேள்வி என்று உடனே புரிந்தது. "தாக்கலுக்கு முன் கொள்முதல் பில்களை ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி பட்டியலுடன் ஒப்பிட்டது யார்?" என்று கேட்டேன். "எல்லாரும் சேர்ந்துதான் செய்வோம்" என்றார். "மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?" என்றதும் சற்றுத் தயங்கி, "இப்போது இடம் காலி இல்லை" என்றார். இடத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

சில நிறுவனங்கள் பணிக்காலத்தையும் பதவியையும் மட்டுமே உறுதிசெய்யும்; அந்த மௌனத்தைக் குறையாக எடுக்கக்கூடாது. ஆனால் இவர் நேரம் தவறாமை பற்றித் தாராளமாகப் பேசினார், தாக்கல் பற்றி மட்டும் நழுவினார். அதுதான் உறுத்துகிறது.

ஆள் எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இதே கேள்வியை அங்கிருந்த தணிக்கையாளரிடமும் கேட்பது முறையா? தற்போதைய முதலாளிக்குத் தெரியாமல் விசாரிப்பது எப்படி? வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும்.