தயிர் உறையப் பிந்துது: கெட்டி உறை தனியாச் செய்யிறது எப்படி?

பரந்தன் பால்பட்டி
வணக்கம். நாளுக்கு 60 லீற்றர் பசுப்பாலைத் தயிராக்கிக் கடையளுக்குக் குடுக்கிறம். நல்ல உறைப் பக்கற்றோட தொடங்கி, பிறகு முதல்நாள் தயிரிலயே எடுத்து ஊத்துறம். முந்தி 4 மணித்தியாலத்தில உறைஞ்சது இப்ப 7 ஆகுது. புளிப்பும் கூட, மேல தண்ணியும் விடுது. உறையை மட்டும் தனியாச் செய்து வைக்கலாமோ?

நெடுங்கேணி மாடு
உறையைக் கூட்டிப் போடுங்கோ. 2 வீதத்துக்குப் பதிலா 5 வீதம்.

பழைய பாற்சாலைக்காரன்
கூட்டினா நேரம் குறையும், தம்பி சொல்றது சரி. ஆனா புளிப்பு இன்னும் ஏறும். உறையில ரெண்டு வகைக் கிருமி இருக்கு. உருண்டை வகைதான் பாலை வேகமா உறைய வைக்கத் தொடங்கும், கோல் வகை பிறகு புளிக்க வைக்கும். புளிச்ச தயிரையே திருப்பித் திருப்பி ஊத்த, கோல் வகை ஓங்கிப்போகும்.

60 லீற்றருக்கு 2 வீதம் எண்டா 1.2 லீற்றர் உறை வேணும். ஒண்டரை லீற்றரா வையுங்கோ. ஒண்டரை லீற்றர் தண்ணியில 180 கிராம் கொழுப்பு நீக்கின பால்மாவைக் கட்டியில்லாமல் கரைச்சு, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில விட்டு, கொதிதண்ணிக்குள்ள இறக்குங்கோ. உள்ளுக்கு 90 பாகை வந்த பிறகு அரை மணித்தியாலம் நிக்கட்டும். மூடி திறக்காமல் 43க்கு ஆறவிட்டு, பக்கற்றிலயிருந்து செய்த தாய் உறையில 40 மில்லிலீற்றர் விடுங்கோ. கரண்டி வெட்டினா ஓரம் துப்பரவா நிக்கவேணும், தண்ணி கசியக் கூடாது. அந்த நேரத்தில எடுத்து உடனே ஐஸ் தண்ணியில குளிரவையுங்கோ. பிந்தினா உறை கிழடாகும். அடுத்தநாள் மேற்பரப்பை வழிச்செறிஞ்சு, மிச்சத்தை நல்லா அடிச்சுக் கலந்து ஊத்துங்கோ. கட்டி இருந்தால் தயிர் மணல் மாதிரி வரும்.

முல்லைச் சட்டித்தயிர்
பால்மா எதுக்கு? எங்கட எருமைத்தயிர் மண்சட்டியில தானா இறுகுது.

பழைய பாற்சாலைக்காரன்
அக்கா, எருமைப்பாலில சத்துக் கூட, சட்டியும் ஈரத்தை உறிஞ்சும். அது தயிரின்ர கெட்டி. நான் சொன்னது உறைக்கு: சத்துக் கூடின பாலில புளிப்புக் கிருமியை அவ்வளவு கெதியாத் தாக்காது. மருந்து ஏறின பாலெண்ட பயமும் பால்மாவில குறைவு.

பரந்தன் தம்பி, ஒரு சோதனை செய்யுங்கோ. கரைச்ச பால்மா ஒரு போத்தல், உங்கட பால் ஒரு போத்தல், ரெண்டையும் காய்ச்சி ஆறவிட்டு ஒரே உறையை ஒரே அளவு விடுங்கோ. ரெண்டும் பிந்தினா உறைதான் பிழை. பால் மட்டும் பிந்தினா, மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டுப்பால் கலந்திருக்கலாம். காய்ச்சினாலும் அந்த மருந்து முழுக்கப் போகாது.

பரந்தன் பால்பட்டி
செய்தன் அண்ணை. பால்மாப் போத்தல் நாலரை மணித்தியாலத்தில இறுகிட்டுது. எங்கட பால் அப்பவும் தண்ணியாத்தான் நிண்டது. ஆனா புளிப்பு ஏன் கூடினது?

பழைய பாற்சாலைக்காரன்
கனநேரம் சூட்டில கிடந்ததாலயும் இருக்கும், பழைய உறையாலயும் இருக்கும். எது எண்டு இப்ப சொல்லேலாது. நாளைக்குப் பால் தாற ஒவ்வொரு வீட்டுப் பாலையும் தனித்தனிப் போத்தலில வையுங்கோ.

பரந்தன் பால்பட்டி
சரி. கரண்ட் போற நாளில தாய் உறையை என்ன செய்யிறது? பிரிட்ஜில மேல்தட்டில உறையவச்சால் தாங்குமோ?