சதவீதக் கணக்கில் வகுக்கும் எண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

கவிதா, அம்பத்தூர்:
அன்பர்களே, மதிப்பெண் பட்டியலுக்குத் தமிழில் ஒரு கால்க் விரிதாள் வார்ப்புரு செய்கிறேன். B நிரலில் வாங்கியது, D நிரலில் சதவீதம். நடுவில் C நிரலுக்குத்தான் பெயர் அமையவில்லை. ‘மொத்தம்’ என்று போட்டால் எல்லாப் பாடத்தையும் கூட்டி அங்கே எழுதிவிடுகிறார்கள். ‘அதிகபட்ச மதிப்பெண்’ சரிதான், ஆனால் இதே தாளில் வருகைப் பதிவும் வரவேண்டும்.

ராமநாதன், பெரம்பூர்:
இதற்கு எதற்கம்மா புதுச்சொல்? பாடப்புத்தகத்தில் மேலே தொகுதி, கீழே பகுதி. ‘பகுதி’ என்றே போடுங்கள். முப்பது வருடம் அப்படித்தான் பாடம் எடுத்தேன்.

கவிதா:
பின்னத்துக்கு அது சரி ஐயா. ஆனால் பேச்சில் பகுதி என்றால் முழுசில் ஒரு துண்டு. தெரியாதவர் வாங்கிய மதிப்பெண்ணை அங்கே போட்டுவிடுவார். 70-க்கு 52 எடுத்தவருக்கு 134.6% வந்து நிற்கும். நூறைத் தாண்டினால் தலைகீழாக வகுத்திருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடலாம், அந்த மட்டில் நல்லது.

முருகேசன், போரூர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் பிளஸ் டூவில் 600-க்கு 528, அதாவது 88%. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 178, அது 89%. எது தப்பு?

இளங்கோ, திருவான்மியூர்:
இரண்டும் சரி முருகேசன் சார். கட்-ஆஃபில் கணிதம் முழுசாக 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஐம்பது ஐம்பதுக்கு. கீழே நிற்கும் எண்ணும் வேறு, மேலே கூட்டியதும் வேறு.

கவிதா, பெயர் முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70-க்கு 52, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30-க்கு 30. சதவீதம் 74.29, 100. பலர் இந்த இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறார்கள்:

```
=AVERAGE(D2:D3)            87.14%
=SUM(B2:B3)/SUM(C2:C3)     82.00%
```

மாணவர் வாங்கியது 100-க்கு 82. முப்பதுக்கும் எழுபதுக்கும் ஒரே எடை கொடுத்ததால் ஐந்து சதவீதம் சும்மா ஏறிவிட்டது. C நிரலுக்கு நல்ல பெயர் இருந்தால் அதையும் கூட்டவேண்டும் என்று தோன்றும். என் பரிந்துரை ‘அடியெண்’.

அப்புறம், D நிரலைச் சதவீத வடிவத்தில் வைத்துவிட்டு வாய்ப்பாட்டிலும் `*100` போடாதீர்கள். 88% இருக்கவேண்டிய இடத்தில் 8800% வரும்.

ராமநாதன்:
அடியெண் என்றால் பிள்ளைகள் அடுக்குக் கணக்கின் அடிமானத்தோடு குழப்பிக்கொள்வார்கள். வேண்டுமானால் ‘எத்தனைக்கு’ என்று போடுங்கள். தெருவில் யாரும் ‘எத்தனைக்கு எத்தனை வாங்கினே?’ என்றுதான் கேட்கிறார்கள்.

இளங்கோ:
தலைப்புக்கு அது பிரமாதம் ஐயா. ஆனால் ‘எத்தனைக்கைக் கூட்டு’ என்று விளக்கக் குறிப்பில் எழுத முடியாதே!

கவிதா:
சரி, நிரலுக்கு ‘எத்தனைக்கு’, குறிப்பில் இப்போதைக்கு ‘அடியெண்’. வருகைத் தாளில் ஒரு சந்தேகம்: பள்ளி சார்பில் போட்டிக்குப் போன நாளை அடியெண்ணிலிருந்து கழிப்பதா, வந்ததாகவே எண்ணுவதா? 100 நாளில் 10 நாள் போட்டி, 72 நாள் வருகை என்றால் முதல் வழியில் 80%, இரண்டாவதில் 82%. உங்கள் பள்ளிகளில் எப்படி?