புதுப்பிப்பு: ஒப்பந்ததாரர் ஆவணங்களில் சம்பளச் சான்றைச் சரிபார்த்தல்

என் கேள்வி: “ஒப்பந்ததாரர் தரும் ஸ்கேன் கோப்புகளிலிருந்து ஊதிய விகிதம், உரிம எண், சம்பளம் கொடுத்ததற்கான சான்று ஆகியவற்றை எடுத்து, முதன்மை வேலையளிப்பவரின் தணிக்கைக்கு எப்படிப் பொருத்துவது?”

உதவிய அனைவருக்கும் நன்றி. வேலை முடிந்தது; சிலருக்குக் கூலி போய்ச் சேராதது மட்டும் பாக்கி.

பெயரை விட்டுவிட்டு, தொழிலாளியின் பிஎஃப் அடையாள எண்ணான யூஏஎன்னையும் நிகரத் தொகையையும் வைத்துப் பொருத்தச் சொன்ன தணிக்கையாளரின் யோசனைதான் பலன் தந்தது. ஒருவரின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது. அவருக்குத் தினக்கூலி 512 ரூபாய், 26 நாள், மொத்தம் 13,312. பிஎஃப் 1,597, ஈஎஸ்ஐ 100 போக 11,615. வங்கிப் பட்டியலில் அதே தொகை இருந்தது.

பிஎஃப் சலான் போதும் என்றவர் சொன்னது பாதி சரி. அது பங்களிப்பு கட்டியதைக் காட்டும். தொழிலாளி கையில் கூலி சேர்ந்ததைக் காட்டாது.

எதிர்பாராதது இதுதான்: வங்கி அறிக்கையில் மொத்தப் பற்று சரியாக இருந்தது; ஆனால் சில நாள் கழித்துச் சில தொகைகள் ஒப்பந்ததாரர் கணக்குக்கே திரும்பி வந்திருந்தன. தவறான கணக்கு எண்கள். ஆகவே அடுத்த மாத அறிக்கையின் வரவுப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொழிலாளர்களுக்குக் கூலி போய்ச் சேரும்வரை பில்லை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

உரிம எண்ணை உரிமத்தின் முதல் பக்கத்திலிருந்து மட்டும் எடுத்தேன். பில்களில் அந்த இடத்தில் பிஎஃப் குறியீட்டு எண் இருந்தது. உரிமத்தில் அனுமதித்த ஆள் எண்ணிக்கையையும் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

கட்டடப் பணியில் ரொக்கமாகக் கூலி தருவதாகச் சொன்ன நண்பரின் சிக்கலுக்கு இந்த முறை உதவாது; பொருத்திப் பார்க்க அங்கே வங்கிப் பட்டியல் இருக்காது.