பேச்சாளரின் பெயர் சரியாகத் தெரிந்தும் பிழையாகச் சொன்னவர்கள் இருக்கிறீர்களா?

நல்லூர்க்காரி

ஒன்றரை வருடமாகிறது, இன்னும் மனதை அரிக்கிறது. பழைய மாணவர் சங்கத்தின் நினைவுப் பேருரை. பேச வந்தவர் அயர்லாந்துப் பெண்மணி, முதற்பெயர் Siobhan. அழைப்பிதழில் அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று கிழமைக்கு முன்னரே மின்னஞ்சல் போட்டு, பெயரை எப்படிச் சொல்வது, மேடையில் எந்தப் பெயரால் அழைப்பது என்று கேட்டேன். அன்றிரவே பதில் வந்தது: shi-VAWN, பெரிய எழுத்தில் இருப்பதை அழுத்திச் சொன்னால் போதும். ஐரிஷ் மொழியில் s-க்குப் பின் i வந்தால் ஷ, bh வந்தால் வ என்றும் விளக்கியிருந்தார். என் தாளில் சிவப்புப் பேனையால் "ஷி – வோஓன்" என்று எழுதி, அடுப்படியில் நின்றும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அன்றைக்கு எனக்கு முதல் வரவேற்புரைக்கு எழுந்த சேர், அழைப்பிதழைப் பார்த்து "சியோபன்" என்றார். ஒரு தரமல்ல, நாலு தரம். அவர் எனக்கு உயர்தரத்தில் படிப்பித்தவர். போய் முன்வரிசையில் இருந்தார். நான் மைக்கைப் பிடிக்கிறேன், தாளில் சிவப்பு எழுத்து தெளிவாகத் தெரிகிறது, வாயில் "சியோபன்" என்றுதான் வந்தது. நான் சரியாகச் சொன்னால் சேர் சொன்னது பிழையென்று சபைக்கே விளங்கிவிடுமே! அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. மின்னஞ்சலில் கேட்ட ஆள் இவள்தானா என்று தேடுகிற பார்வை.

கொழும்புத்துறையான்

அயர்லாந்துப் பெயர் எங்களுக்கு எப்போதாவது ஒன்று வரும் தங்கச்சி. சிங்களப் பெயர்தான் கிழமைக்கு ஒன்று. இளம் வயதில் ஒரு கூட்டத்தில் Senanayake என்று எழுதியிருந்ததைப் பார்த்து "சேனநாயகே" என்றேன். பின்வரிசையில் யாரோ "நாய்க்கு ஏன் கே?" என்றார்கள், சபை சிரித்தது, அவர் மேடையில் இருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்திருக்கிறேன். சிங்களப் பெயரின் கடைசி e-ஐ அ என்று சொல்ல வேண்டும். சேனாநாயக்க, விக்கிரமசிங்க, ஜயவர்தன. எங்கள் பேப்பர்களும் அப்படித்தானே எழுதுகின்றன. இந்த விதி இருந்தால் யாரையும் கேட்கவே தேவையில்லை.

பழைய_மைக்

கேட்கவே தேவையில்லையா? Liyanage வந்தால் "லியனக" என்பீர்களா அண்ணை? நானும் உங்கள் விதியை நம்பி, பரிசளிப்பு விழா ஒன்றில் Gamage என்ற விருந்தினரை "கமக" என்று அழைத்தவன்தான். -ge என்று முடிகிற பெயர்களில் பல வேறு வகை. இன்னாருடைய வீட்டார் என்று சொல்வதற்கு வருகிற ஒட்டு அது, "கே" என்று நீண்டுதான் ஒலிக்கும். கமகே, லியனகே. பேப்பரிலும் அப்படித்தான் இருக்கிறது, பாருங்கள். நாயக்க, சிங்க, வர்தன என்பவற்றுக்கு உங்கள் விதி சரி.

"கமகே" என்று தமிழில் எழுதி வைத்தாலும் முதல் எழுத்தை எந்தக் க-வாகச் சொல்வது? தமிழ் எழுத்து அதைக் காட்டாது. ஆகவே நான் பக்கத்தில் "தங்கம் – க" என்று சின்னதாக எழுதுவேன். பண்டாரவுக்கு "கம்பு – ப". பார்த்தவுடன் வாய் தானாகப் போகும். மேலே புள்ளி, கீழே கோடு என்று புதுக் குறிகள் போட்டால் மேடை வெளிச்சத்தில் அது என்ன குறியென்று எனக்கே மறந்துபோகும்.

நல்லூர்க்காரி, நீங்கள் கேட்டது சரி, எழுதியதும் சரி. அந்தச் சிவப்பு எழுத்து உங்கள் தாளில் மட்டும் இருந்ததுதான் வில்லங்கம். பெயரைச் சொல்லப்போகிறவர் எத்தனை பேர்? வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகம், நன்றியுரை, மாலை போட அழைக்கிறவர். அத்தனை பேருடைய நிகழ்ச்சி நிரலிலும் பெயருக்குக் கீழேயே அது அச்சாக வேண்டும். முதல் நாள் சேருக்கு ஒரு அழைப்பு எடுத்து, "சேர், அவ தன்ரை பெயரை இப்பிடித்தான் சொல்லச் சொன்னவ" என்றால் போதும். நீங்கள் அவரைத் திருத்தியதாக வராது, செய்தி சொன்னதாகத்தான் வரும்.

குருநகர்_தம்பி

எனக்கு நடந்தது வேறு. அறிமுகம் எழுதித் தந்த ஐயாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், என்னை ஏற்றிவிட்டார்கள். தாளில் "ரீனா" என்று அழகாக எழுதியிருந்தது. நானும் அழகாக ரீனா என்றேன். வந்தவர் Tina. எழுதினவருக்கு ரீவி, யூரியூப் என்பது மாதிரி அது ரீ. எனக்கு அது Reena. அறிமுகம் முழுக்க ஆறு தரம் சொன்னேன். இதில் பிழை ஆருடையது?

சுன்னாகம்_ரீச்சர்

தம்பி, பிழை உம்முடையது. ரொறன்ரோவை எப்படி வாசிப்பீர்? ரி, ரீ எங்கள் வழக்கம். அதை விட்டுவிட்டு இந்தியக்காரர் மாதிரி டீனா என்று எழுதச் சொல்கிறீரோ?

எனக்கும் ஒரு தரம் பிழைத்தது, அது கிடக்கட்டும். எல்லாரும் கேளுங்கள். எழுதிக் கேட்பதோடு நிற்காமல் வட்ஸ்அப்பில் குரல்பதிவாக வாங்குங்கள். அவர் வேகமாகச் சொல்லியிருந்தால் இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். பெயரைத் தனியே பழகாமல், "இப்போது உரையாற்ற வருமாறு கலாநிதி இன்னாரை அழைக்கிறேன்" என்ற முழு வசனத்தோடு பழகுங்கள், ஏனென்றால் நாக்கு தடுக்குவது "கலாநிதி"யிலிருந்து பெயருக்குத் தாவுகிற இடத்தில்தான். தாளில் பெயர் பக்கக் கடைசியிலோ வரிக் கடைசியிலோ விழக்கூடாது, உடைந்தால் கண் தடுமாறும். மண்டபத்துக்கு வந்ததும் அவரிடம் போய் ஒரு தரம் சொல்லிக் காட்டுங்கள். மைக்கில் நின்று "பெயர் வாயில் நுழையவில்லை, மன்னிக்கவும்" என்று பகிடி விடாதீர்கள். அது அறிமுகமில்லை, அவமரியாதை.

குருநகர்_தம்பி

ரீச்சர், உங்கள் பெயரையே ஒரு வெளியூர்ப் பிள்ளை ர போட்டு வாசித்தால் என்ன செய்வீர்கள்? வாசிக்கப்போகிற ஆளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்கிறேன்.

சுன்னாகம்_ரீச்சர்

வெளியூர்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பேன். ரீயை மாற்ற மாட்டேன்.

ஸ்காபரோ_அப்பா

கனடாவில் எங்கள் பெயர்களைக் கொல்வதைப் பற்றித்தானே கதைக்கிறீர்கள்? என் மகள் யாழினி. பட்டமளிப்புக்கு முதல் ஒரு அட்டையில் உச்சரிப்பை எழுதித் தரச் சொன்னார்கள். ழ என்றால் zh தானே என்று YAA-zhi-ni என்று நானே எழுதிக் கொடுத்தேன். மேடையில் அந்த அம்மா "யாஜினி" மாதிரி, ஜ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவில் ஏதோ சொன்னா. மகள் இன்றைக்கும் என்னோடு கோபம். கேட்டுச் செய்தும் பிழைக்கிறதே!

பழைய_மைக்

அண்ணை, கேள்வி அதுவல்ல. ஆனாலும் உங்கள் கதை நல்ல பாடம். ழ-வுக்கு zh போடுவது நாங்கள் எங்களுக்குள் வைத்த ஏற்பாடு. ஆங்கிலக்காரருக்கு zh என்றால் measure-இல் நடுவில் வருகிற ஒலி. அட்டையில் இருந்ததைத்தான் அந்த அம்மா ஒழுங்காக வாசித்திருக்கிறா. YAA-li-nee என்று கொடுத்திருந்தால் ஓரளவு கிட்ட வந்திருக்கும். எங்களில் பாதிப்பேர் ழ-வை ள-வாகத்தானே சொல்கிறோம், உண்மையைச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ_அப்பா

நான் ழ-வை வடிவாகச் சொல்லுவன்.

நல்லூர்க்காரி

நிரலில் அச்சடிக்கும் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். சேருக்கு அழைப்பு எடுக்கிற துணிவு வருமா தெரியவில்லை. எடுத்தாலும் "எனக்குத் தெரியும் பிள்ளை" என்றுதான் சொல்வார்.

மேலே சொல்லாமல் விட்ட ஒன்று. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவவிடம் போய், "ஷிவோன், நல்ல உரை" என்றேன், சரியாக, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி. பக்கத்தில் நின்ற ஆச்சி "சிவனோ, பொம்பிளைக்கோ?" என்று கேட்டா. அந்தப் பெண்மணி ஆச்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஓ, உங்களுக்குச் சொல்ல வருகிறதே" என்றார். நான் வடைத் தட்டை அவர் பக்கம் நீட்டினேன்.