அழைப்புக் கடிதத்தில் ஒரு தேதி முறை, இணைப்பில் வேறொன்று: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கோத்தகிரி மகள் (பிராம்ப்டன்):
வணக்கம். அப்பா, அம்மாவை 2026 ஜூன் 5 முதல் செப்டம்பர் 4 வரை இங்கே அழைத்து வைத்துக்கொள்ள விசிட்டர் விசாவுக்கு அழைப்புக் கடிதம் எழுதுகிறேன். கூடவே போவது: அப்பாவின் பட்டா, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஊரில் டீ ஃபாக்டரிக்குப் பச்சை இலை போட்ட மாதக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், என் பிறப்புச் சான்றிதழ், என் வேலைக் கடிதம். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிப் பார்த்தால் தேதி நாலு விதமாக இருக்கிறது. ஊர்ப் பெயர் ஒன்றில் `Kotagiri`, இன்னொன்றில் `Kothagiri`. என் கடிதத்திலேயே `neighbour` என்றும் `center` என்றும் கலந்து கிடக்கிறது. எதில் கை வைக்கலாம், எதை அப்படியே விடணும்?

ஊட்டிக்காரர் (மெல்போர்ன்):
கனடாவுக்குப் போகிற பேப்பர் எல்லாமே கனடா முறையில் இருக்கணும்மா. வருஷம், மாசம், தேதி. மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லி அதையும் மாற்றச் சொல்லிடுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் ஜெராக்ஸில் பக்கத்திலேயே பேனாவால் சரியான தேதியை எழுதிடுங்க. வேலை முடிஞ்சுது.

குன்னூர் அக்கா (டொராண்டோ):
அண்ணா சொல்வதில் பாதி சரி. வருஷம் முதலில் வருவது இங்கே அரசாங்கம் பரிந்துரைக்கும் முறைதான். விசா படிவமும் அப்படித்தான் கேட்கும். ஆனால் பேனாவை ஜெராக்ஸில் வைக்காதீர்கள். வெளியிட்ட அலுவலகத்தின் எழுத்துக்கு நடுவே இன்னொருவர் கையெழுத்து தெரிந்தால், படிப்பவர் முதலில் நினைப்பது திருத்தம் என்றுதான்.

மேஜையில் இருப்பதை மூன்று கட்டாகப் பிரியுங்கள். முதல் கட்டு, நீங்களே எழுதுவது: கடிதம், இணைப்புப் பட்டியல், நீங்கள் போட்ட கணக்குச் சுருக்கம். இது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது, உங்களுக்காக இப்போது இன்னொருவர் எழுதித் தருவது: வேலைக் கடிதம், மொழிபெயர்ப்பு. அச்சாகும் முன் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாவது, ஏற்கெனவே வெளியானது: பட்டா, பிறப்புச் சான்றிதழ், ஸ்டேட்மென்ட், இலைக் கணக்கு. அதில் எதையும் மாற்றக்கூடாது. ஒரே முறை வேண்டும் என்பது முதல் கட்டுக்குத்தான் கட்டாயம்.

இப்போது தேதி. உங்கள் பயணத் தேதியையே எடுத்துக்கொள்வோம். ஊர் வழக்கத்தில் வருகை 05/06/2026, திரும்புவது 04/09/2026 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, செப்டம்பர் 4. மாதத்தை முதலில் படிக்கப் பழகியவருக்கு அது மே 6, ஏப்ரல் 9. அதாவது வருவதற்கு முன்பே திரும்பிவிடுகிறார்கள். இதையாவது படிப்பவர் பார்த்ததும் தப்பு என்று புரிந்துகொள்வார். பிறந்த தேதியில் அந்த வாய்ப்பும் இல்லை. அப்பா 08/11/1956 என்றால் நவம்பர் 8, ஆகஸ்ட் 11 இரண்டும் நம்பக்கூடிய தேதிகள்தான். படிவத்தில் ஒன்று, கடிதத்தில் இன்னொன்று போலத் தெரியும்போது, இது எழுதும் முறையில் வந்த குழப்பமா உண்மையான முரண்பாடா என்று படிப்பவரால் சொல்ல முடியாது.

நாள் 12-க்கு மேல் போனால் இந்தக் குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும். அதனால்தான் பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. வருஷத்தில் இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய தேதிகள் 132. பயணத் தேதி அதில் விழாவிட்டாலும் பிறந்த தேதி விழலாம்.

என் யோசனை இதுதான். கடிதத்தின் வாக்கியங்களில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்: `November 8, 1956`. இணைப்புப் பட்டியலிலும் கணக்குச் சுருக்கத்திலும் `1956-11-08`. சாய்கோடு போட்ட தேதி உங்கள் கட்டில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

கேத்திப் பள்ளத்தாக்கு (எட்மன்டன்):
அக்கா, ஒரே முறை என்று சொல்லிவிட்டு இரண்டு தருகிறீர்களே. கடிதத்திலும் `1956-11-08` என்றே போட்டுவிட்டால் படிவம், பட்டியல், கடிதம் மூன்றையும் கண்ணால் அப்படியே ஒப்பிடலாம். அதிகாரிக்கும் சுலபம், நமக்குச் சரிபார்க்கவும் சுலபம். தேடல் பெட்டியில் ஒரு தேதியைப் போட்டால் எல்லா இடமும் வந்துவிடும்.

குன்னூர் அக்கா:
தேடலுக்கு அது வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் `1956-11-08`-ல் கூட நடுவில் இருப்பது மாதம் என்பது படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதத்தை எழுத்தில் போட்டால் அந்தக் கேள்வியே எழாது. கடிதத்தில் வாக்கியம் ஓடுவது எனக்கு முக்கியம். நீங்கள் சொல்வதுபோல் செய்தாலும் பிழை இல்லை. `November 8, 1956` என்று ஒரு பத்தியிலும் `8 Nov 1956` என்று அடுத்த பத்தியிலும் எழுதுவதுதான் ஆகாது.

இலைக் கணக்கை எக்செல்லில் சுருக்கமாகப் போடுகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், 05/03/2025 என்று மார்ச் 5-ஐ அடிக்கும்போது அது மே 3 ஆகப் பதிவாகும். 25/03/2025 அடித்தால் அதற்கு 25-ஆவது மாதம் இல்லை என்பதால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பார்த்தாலே தெரியும்: நெடுவரிசையில் சில தேதிகள் வலது ஓரத்திலும் சில இடது ஓரத்திலும் ஒட்டியிருக்கும். இடது ஓரத்தில் நிற்பவை எக்செல் புரிந்துகொள்ளாதவை. ஆபத்து வலது ஓரத்தில் நிற்பவற்றில்தான், அவை தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டவை. அந்த நிலையில் வடிவத்தை மட்டும் மாற்றினால் சரியாகாது. தப்பான தேதியே அழகாகத் தெரியும். அழித்துவிட்டு `2025-03-05` என்று அடியுங்கள். பிறகு அந்த நெடுவரிசை முழுவதற்கும் இந்த வடிவத்தைக் கொடுங்கள்:

```
yyyy-mm-dd
```

வேர்டில் கடிதத் தேதியை `Insert` பட்டியல் வழியாகப் போடுபவர்கள் `Update automatically` என்பதில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், கோப்பைத் திறந்து அச்சிடும் ஒவ்வொரு முறையும் அன்றைய தேதி வந்து உட்காரும். கையெழுத்துப் போட்ட நாள் ஒன்று, மேலே இருக்கும் தேதி இன்னொன்று ஆகிவிடும்.

கொடைக்கானல் தம்பி (நியூ ஜெர்சி):
எழுத்து முறைன்னா பெயர் எழுதுற முறைதானே அக்கா? எனக்கும் இதே பிரச்சினைதான். அம்மா பாஸ்போர்ட்டில் `Lakshmi`, பேங்கில் `Laxmi`. அப்பா பெயர் இனிஷியலா ஒரு இடத்தில் இருக்கு, முழுசா இன்னொரு இடத்தில் இருக்கு. எதை வெச்சுக்கிறது? இங்கே படிவத்தில் மாசம்தான் முதல்ல வருது, அதையும் சொல்லிடறேன்.

குன்னூர் அக்கா:
அது வேறு விஷயம் தம்பி. பெயர் என்றால் பாஸ்போர்ட்டில் இருப்பது ஒன்றுதான்; நாம் தேர்ந்தெடுக்க அதில் எதுவும் இல்லை. கடிதம் முழுக்க பாஸ்போர்ட் பெயரையே எழுதி, பேங்கில் மாறியிருப்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். இரண்டும் ஒருவரே என்று ஊரில் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி இணைப்பது வழக்கம். படிவத்தில் அந்தந்த நாடு கேட்கும் வரிசையில் நிரப்புங்கள். கடிதத்தில் மாதம் எழுத்தில் இருந்தால் அமெரிக்காவுக்கும் அதே கடித முறை பொருந்தும்.

மகள் கேட்டது ஆங்கிலச் சொற்களின் எழுத்துமுறை. கனடாவில் `neighbour`, `centre`, `cheque` என்று பிரிட்டிஷ் மாதிரியும், `organize`, `realize` என்று அமெரிக்க மாதிரியும் எழுதுவார்கள். ஊரில் படித்தவர்களுக்கு `organise` கையில் வரும். முழுக்க பிரிட்டிஷ் முறையிலேயே எழுதினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். `centre` எழுதியதற்காகவோ `center` எழுதியதற்காகவோ விசா மறுக்கப்படுவதில்லை. ஆனால் கலந்து எழுதினால், பல இடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய கடிதம் என்று தெரிந்துவிடும். அழைப்புக் கடிதம் உங்கள் சொந்த வாக்குமூலம். அது ஒரே கையால் எழுதியதாகத் தெரிய வேண்டும்.

வேர்டில் `Ctrl+A` அடித்து, `Review` பட்டியலில் `Language`, அதில் `Set Proofing Language` போய் `English (Canada)` தேர்ந்தெடுங்கள். அங்கேயே `Do not check spelling or grammar` என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேறு கோப்பிலிருந்து ஒட்டிய பத்தி தன் பழைய மொழி அமைப்பையும் தூக்கிக்கொண்டு வரும். அதனால்தான் ஒரு பத்தியில் `center` சிவப்புக் கோடு வாங்கும், அடுத்ததில் வாங்காது. `Ctrl+A` பக்கத் தலைப்பையும் அடிக்குறிப்புகளையும் தொடாது. அங்கே தனியாகச் செய்யுங்கள்.

நிறுவனப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். உங்கள் கம்பெனி `Center` என்று பதிவாகியிருந்தால் கடிதத்திலும் அதுவே. `Find and Replace`-ல் `Replace All` அழுத்தினால் இதுதான் முதலில் அடிபடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

கோத்தகிரி மகள்:
நன்றி அக்கா. ஊர்ப் பெயருக்கு?

குன்னூர் அக்கா:
பாஸ்போர்ட்டில் முகவரி எப்படி இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது `Kotagiri` என்றால் கடிதம், பட்டியல் எல்லாவற்றிலும் அதுவே. எந்த இணைப்பில் மாறி வருகிறதோ, அதைப் பட்டியலில் அந்த வரிசையிலேயே ஒரு வரியில் குறியுங்கள்: `Enclosure 3: the town is spelled Kothagiri; same place, PIN 643217`. பின்கோடு கைகொடுக்கும் இடம் இதுதான். எழுத்து எப்படி மாறினாலும் எண் மாறாது. உதகைக்காரர்களுக்கு இந்த வேலை இன்னும் அதிகம்: `Udhagamandalam`, `Udagamandalam`, `Ootacamund`, `Ooty` என்று நாலும் பேப்பர்களில் வரும். பின்கோடு 643001 இருந்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். மாவட்டத்துக்கும் `The Nilgiris`, `Nilgiris` இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊட்டிக்காரர்:
ரூபாய்க்கு என்னம்மா செய்வது? 7,50,000 என்று போட்டால் வெளிநாட்டுக்காரர் காற்புள்ளியைப் பார்த்துத் திணறுவார்.

குன்னூர் அக்கா:
நல்ல கேள்வி அண்ணா. உங்கள் சுருக்கத்தில் `INR 750,000` என்று போடுங்கள். ஸ்டேட்மென்ட் அப்படியே இருக்கட்டும். இலக்கங்கள் ஒன்றுதான் என்பதால் ஒப்பிட முடியும். `lakh` வேண்டாம்.

கேத்திப் பள்ளத்தாக்கு:
மொழிபெயர்ப்பு மட்டும் இன்னும் தீரவில்லை. தமிழ்ப் பட்டாவில் 08.11.2004 என்று எண்ணில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் `November 8, 2004` என்று எழுதலாமா?

குன்னூர் அக்கா:
அதை நாம் முடிவு செய்யக்கூடாது. கனடாவுக்கு விண்ணப்பிப்பவரோ குடும்பத்தாரோ மொழிபெயர்க்கவும் கூடாது. சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், மொழிபெயர்த்தவரின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். மூலத்தில் உள்ள எண்ணை அப்படியே வைப்பவர்களும் உண்டு, மாதத்தை எழுத்தில் விரிப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் தங்கள் பக்கம் நியாயம் சொல்கிறார்கள். நான் எண்ணை அப்படியே வைக்கச் சொல்வேன். கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக, மூலத்தில் தேதி நாள்-மாதம்-வருஷம் வரிசையில் உள்ளது என்று ஒரு வரி அவரே எழுதித் தந்தால் போதும்.

கேத்திப் பள்ளத்தாக்கு:
எனக்கு மாதத்தை விரிப்பதுதான் மேல் என்று படுகிறது. குறிப்பை எத்தனை பேர் படிப்பார்கள்?

கோத்தகிரி மகள்:
மொழிபெயர்ப்பாளர் ஊட்டியில்தான் இருக்கிறார். இன்று அங்கே கடை திறந்ததும் அப்பாவை விட்டே கேட்கச் சொல்கிறேன். அதற்குள் என் வேலைக் கடிதத்துக்கு ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு, வேலையில் சேர்ந்த தேதியை மாதம் எழுத்தில் வரும்படி கேட்டுவிடுகிறேன்.