sin(3.141592654) பூஜ்யமா, இல்லையா?

அல்சூர் வாசகன்: எஸ்.பி. ரோட்டில் பழைய 10 இலக்கக் கால்குலேட்டர் ஒன்று வாங்கினேன். ரேடியனில் வைத்து sin(3.141592654) அழுத்தினால் 0 வராமல் -4.1E-10 வருகிறது. டெய்லர் தொடரைப் பாதியில் நிறுத்திக் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

பானஸ்வாடி பார்வதி: கடைக்காரர் பாவம். 0 வந்திருந்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் அழுத்தியது π அல்ல, அதைவிட நூலளவு பெரிய எண். அதன் சரியான விடை -4.102067615E-10. டெய்லர் தொடருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் காலத்துச் சில்லுக்குப் பெருக்கல் என்பதே பெரும்பாடு. இலக்கத்தை நகர்த்தும், கூட்டும், கழிக்கும், அவ்வளவுதான் தெரியும்.

ஒயிட்பீல்டு வேலன்: அம்மா சொல்வது பாதி சரி. ஒரு அம்பைச் சிறுகச் சிறுகச் சுழற்றி, நகர்த்தலும் கூட்டலும் கொண்டே sin காணும் அந்த முறையின் பெயர் கார்டிக். விமானத்தின் வழி கணிக்க ஜாக் வோல்டர் 1959-ல் வெளியிட்டது. நான் சில்லிலேயே எழுதியிருக்கிறேன். சுழற்றச் சுழற்ற அம்பின் நீளம் 1.6468 மடங்காகிவிடும். அதைச் சரிக்கட்டும்போது வந்த பிழைதான் -4.1.

பானஸ்வாடி பார்வதி: தம்பி, உங்கள் 1.6468 இரும எண்ணுக்கு. அங்கே ஒவ்வொரு கோணமும் இடமோ வலமோ ஒரே ஒரு முறை சுழலும். இது பதின்ம எண்ணில் ஓடும் பெட்டி. 30 பாகையையே எடுத்துக்கொள்ளுங்கள். tan மதிப்பு 0.1 ஆகும் கோணம் 5.7106. அதை 30-இலிருந்து 5 முறை கழிக்கலாம், மிச்சம் 1.447. அடுத்தது 0.5729, 2 முறை. அதற்கடுத்தது 0.0573, 5 முறை. அம்பு நுனியின் இடம் x, y; tan மதிப்பு 10^-j ஆகும் கோணத்தைக் கழித்த எண்ணிக்கைக்கு ஏற்ப இதைச் செய்துகொண்டே போகும்:

```
x' = x - y * 10^-j
y' = y + x * 10^-j
```

10-இன் அடுக்கு என்பதால் பெருக்கல் தேவையில்லை, இலக்கம் நகர்ந்தால் போதும். கோணத்துக்குக் கோணம் சுழற்சியின் எண்ணிக்கை மாறுவதால் நீளமும் வேறு வேறாக நீளும். அதனால்தான் இது முதலில் y/x என்று tan கண்டுபிடிக்கிறது. வகுக்கும்போது நீட்டம் அடிபட்டுப் போகிறது. sin பிறகுதான். உங்கள் சரிக்கட்டல் எங்கே நுழையும்?

கோரமங்களா ராஜா: என் மகளுக்கும் இதே தொல்லை. தேர்வு அறையில் sin 30-க்கு -0.988 வந்ததாம். எல்லாக் கால்குலேட்டரும் ஏமாற்று.

பானஸ்வாடி பார்வதி: சார், அது ரேடியனில் இருந்திருக்கிறது. பெட்டியைத் திட்டாதீர்கள்.

கோரமங்களா ராஜா: மகள் அப்படிச் சொல்லவில்லையே. போன வருடம் யூ.பி.எஸ். பேட்டரி விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் என் பேச்சை வெட்டினீர்கள்.

அல்சூர் வாசகன்: பேட்டரி இருக்கட்டும். sin π பூஜ்யம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். -4.1 ஏன்?

பானஸ்வாடி பார்வதி: மறுபடியுமா? சுழற்சி தொடங்கும் முன்பே சமாசாரம் முடிந்துவிட்டது. முதல் வேலை, கோணத்திலிருந்து π-யைக் கழித்துச் சிறிதாக்குவது. பெட்டிக்குள் 13 இலக்க π இருந்தால் அது 3.141592653590. உங்கள் எண்ணில் கழித்தால் மிச்சம் 0.000000000410, அதற்குமேல் ஒரு இலக்கமும் கிடையாது. விடையை 1E10-ஆல் பெருக்குங்கள். -4.1 மட்டும் நின்றால் நான் சொன்னது சரி. சுழற்சியில் பிழை என்றால் வாலில் ஏதாவது குப்பை ஒட்டியிருக்கும்.

இன்னொன்று. ரேடியனிலேயே sin(1000000) அழுத்துங்கள். சரியான விடை -0.3499935022. ஆனால் 318309 முறை கழிக்கும்போது π-யின் அந்தத் துளிப் பிழையும் 318309 மடங்காகும். உங்களுக்கு -0.3499935638 வர வேண்டும். முதல் ஏழு இலக்கம் சுத்தம், மிச்சம் கற்பனை.

ஒயிட்பீல்டு வேலன்: சுழற்சியும் நகர்த்திக் கூட்டலும் அவ்வளவு உத்தமமா? 1972-ல் வந்த HP-35-இன் முதல் பெட்டிகளில் 2.02-க்கு ln எடுத்து, உடனே e^x அழுத்தினால் 2 வந்ததே!

பானஸ்வாடி பார்வதி: வந்தது. ஆனால் அது sin அல்ல, e^x. அங்கே கழிப்பது ln 2, ln 1.1, ln 1.01 என்று போகும்; ஒவ்வொரு முறை கழிக்கும்போதும் 1.01 போன்ற ஒன்றால் பெருக்க வேண்டும், அதாவது நகர்த்திக் கூட்ட வேண்டும். 2.02 என்பது அச்சாக 2 × 1.01. அந்த 1.01 காணாமல் போனது. கழித்து மிச்சம் துல்லியமாகத் தீரும் இடத்தில் நிரல் தடுமாறியது. முறையின் குற்றமா, எழுதியவரின் குற்றமா?

ஒயிட்பீல்டு வேலன்: ஆக, பிழை வரும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

பானஸ்வாடி பார்வதி: இதற்குப் பெயர் ஒப்புதலா? நன்றாக இருக்கிறது.

அல்சூர் வாசகன்: இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். -4.1 மட்டும்தான், வால் இல்லை. பத்து லட்சத்துக்கு -0.3499935638. அம்மா சொன்ன அதே எண்.

ஒயிட்பீல்டு வேலன்: ஒரே ஒரு பெட்டியை வைத்துத் தீர்ப்பா?

அல்சூர் வாசகன்: சரி, இருக்கட்டும். ஆனாலும் 0 ஏன் வரவில்லை?