மறு: டிக்கி பானங்களின் ‘லேயர்ட்’ சுவைக்குத் தமிழ்?

மீனா: அன்பர்களே, ஒரு ஆவணப்படத்துக்குத் துணைவரி எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். டிக்கி எனப்படும் பசிபிக் தீவுப் பாணி மதுக்கடைகளின் ரம் பானங்களை ‘லேயர்ட்’ என்கிறார்கள். ‘அடுக்குப்பானம்’ போதுமா?

செந்தில்: போதும். சிவப்பு கீழே, மஞ்சள் மேலே, கரண்டி முதுகில் மெல்ல ஊற்றுவார்களே, அதுதானே?

ராகவன்: இல்லை செந்தில், அது வேறு வகை. டிக்கியில் பெரும்பாலும் கண்ணுக்கு அடுக்கே தெரியாது, கலங்கிய ஒரே நிறம். அடுக்கு நாக்கில்தான். டிக்கி மதுக்கடைகளுக்கு முன்னோடியான டான் பீச்காம்பரின் 1934 ஸோம்பி பானத்தையே பாருங்கள். மூன்று ரம்: போர்ட்டோ ரிகோ 45 மில்லி, ஜமைக்கா 45, எரியும் வீரியமுள்ள கயானா நாட்டு டெமராரா 30. முதலாவது லேசானது, பானத்துக்கு அடித்தளம் மட்டும் கொடுக்கும். ஜமைக்காவில் நீண்ட நாள் புளிக்கவிடுவதால் கனிந்த வாழைப்பழ வாசம் மேலே வரும். டெமராராவின் கருகிய வெல்ல வாசம் கடைசியில் தங்கும். ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று நிரப்புகிறது.

அப்புறம் எலுமிச்சை, இஞ்சியும் கிராம்பும் போட்ட ஃபாலெர்னம், மாதுளைப் பாகு, கசப்புத்துளி. பம்ப்ளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் சாறு இரண்டு பங்கு, பட்டைப் பாகு ஒரு பங்கு சேர்ந்த கலவையும் 15 மில்லி. பழத்தின் கசப்பைப் பட்டை மழுக்கும், பட்டையின் காரத்தைப் பழம் மழுக்கும். இரண்டும் தனியாகத் தெரியாமல் மூன்றாவதாக ஒன்று தெரியும்.

செல்வி: சோம்பு வாசமுள்ள பெர்னோவை விட்டுவிட்டீர்கள். ஆறு சொட்டுதான். நான் வீட்டில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டேன், இருமல் மருந்தாகிவிட்டது! இன்னதென்று பெயர் சொல்ல முடிந்தாலே அளவு மிஞ்சிவிட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புலவர் ஐயா: ‘தேறல்’ இருக்க ஏன் அலைகிறீர்கள்?

ராகவன்: ஐயா, தேறல் தெளிந்த கள். இது கலங்கியது.

புலவர் ஐயா: சரி, ‘அளாவு’. ‘சிறுகை அளாவிய கூழ்’. அளாவு, விளாவு, துழாவு மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. வெந்நீரில் தண்ணீர் விளாவுகிறோமே! ஆகவே ‘அளாவுசுவை’.

செந்தில்: குழந்தை அளாவிய கூழை மதுக்கடைக்குக் கொண்டுபோகிறீர்களே ஐயா! துணைவரி இரண்டு நொடிதான் திரையில் நிற்கும், பார்ப்பவர் அகராதியா புரட்டுவார்?

மீனா: நொறுக்கிய பனியோடு ஐந்து நொடி மட்டும் அடிப்பதாகப் படத்தில் வருகிறது. இதற்கும் அடுக்குக்கும் தொடர்பு உண்டா?

ராகவன்: உண்டு. கூடுதலாக அடித்தால் பனி உருகி நீர்த்துவிடும், பின்னால் வர வேண்டிய சுவைகள் வராது. ஒன்றன்பின் ஒன்றாக வருவதுதான் இங்கே முக்கியம், அதனால் ‘அளாவு’ பொருந்தவில்லை. என் வாக்கு ‘அடுக்குச்சுவை’க்கு. ‘பானம்’ என்றால் செந்தில் மாதிரியே எல்லோரும் வண்ண அடுக்கைத்தான் நினைப்பார்கள்.

செல்வி: எனக்கும் அதுவே.

மீனா: ‘அடுக்குச்சுவை’ என்றே அனுப்பிவிட்டேன். நன்றி.

புலவர் ஐயா: அடுக்கு என்றால் பாத்திரம். என் மறுப்பு பதிவாகட்டும். விளாவுதல் பற்றி நாளை தனி இழை தொடங்குகிறேன்.